கம்பெனிக்குக் கரண்ட் அக்கவுண்ட்: கடிதத்தைவிடத் தீர்மானத்தைத்தான் வங்கி வாசித்தது

நானும் என் தம்பியும் ஈரோட்டில் பெட்ஷீட் வியாபாரம் செய்கிறோம். பல வருடம் என் பெயரிலேயே நடந்த தொழிலை, 2023 ஜூன் 14 அன்று பிரைவேட் லிமிடெட் கம்பெனியாகப் பதிந்தோம். மூலதனம் ஒரு லட்சம் ரூபாய். பத்து ரூபாய்ப் பங்குகளில் 6,000 எனக்கு, 4,000 தம்பிக்கு. இயக்குநர்களும் நாங்கள் இருவர்தான்.

பதியும் விண்ணப்பத்திலேயே ஒரு வங்கியைத் தேர்வு செய்யும் பகுதி இருக்கிறது. ஆனால் எங்கள் வரவுசெலவெல்லாம் கடைக்குப் பக்கத்துக் கிளையில்தான், அதனால் அங்கேயே நேராக விண்ணப்பிக்க முடிவு செய்தோம். கம்பெனியின் லெட்டர்ஹெட்டில் ஒரு பக்கக் கடிதம். கூடவே பதிவுச் சான்றிதழ், சங்க விதிகள் இரண்டும் (மெமொராண்டம், ஆர்ட்டிகிள்ஸ் என்பார்களே, அவை), கம்பெனியின் பான், எங்கள் இருவரின் பான், ஆதார், போட்டோ, அப்புறம் இயக்குநர் குழுத் தீர்மானம். ஜூன் 19 அன்று கொண்டுபோய்க் கொடுத்தேன்.

மேனேஜர் கடிதத்தை மேலோட்டமாகப் பார்த்துவிட்டு நேராகத் தீர்மானத்துக்குப் போனார். அதன் தேதியைப் பதிவுச் சான்றிதழோடு வைத்துப் பார்த்தார். "மேடம், கம்பெனி பிறந்தது 14-ம் தேதி. உங்க போர்டு மீட்டிங் 12-ம் தேதி நடந்திருக்கு. அன்னிக்குக் கம்பெனியே இல்லையே?" என்றார். பதிவு வருவதற்கு முன்பே தட்டச்சு செய்து வைத்த பிரதி அது. தேதியை யாரும் மாற்றவில்லை, நானும் வாசிக்காமல் கையெழுத்துப் போட்டிருந்தேன்.

தேதியை மட்டும் அடித்துத் திருத்தித் தந்தால் போதும் என்றுதான் முதலில் நினைத்தேன். போதாது. தீர்மானம் என்பது நடந்த கூட்டத்தின் பதிவு. மினிட்ஸ் புத்தகத்தில் அந்தக் கூட்டம் இருக்க வேண்டும், அதிலிருந்து எடுத்த நகலைத்தான் வங்கிக்குத் தருகிறோம். அதனால் முறைப்படியே போனோம். ஜூன் 20 அன்று கூட்ட அறிவிப்பை மின்னஞ்சலில் அனுப்பினேன். ஏழு நாள் அவகாசம் தர வேண்டும் என்பதால் கூட்டத்தை ஜூன் 28-க்கு வைத்தோம். பதிந்த 30 நாளுக்குள் முதல் கூட்டம் நடந்தாக வேண்டும் என்ற விதிக்கும் அது சரியாக இருந்தது. குறைந்தது இரண்டு இயக்குநர்கள் இருந்தால்தான் கூட்டம் செல்லும், நாங்கள் இருப்பதே இருவர். தம்பி அன்று வெளியூர் போகாமல் இருந்துவிட்டான்.

இரண்டாவது தவறு இன்னும் நுட்பமானது. பழைய பிரதியில், கணக்கை இயக்குவது 'எய்தர் ஆர் சர்வைவர்' என்று எழுதியிருந்தது. கணவன் மனைவி சேர்ந்து வைத்திருக்கும் சேமிப்புக் கணக்கில் பழகிய சொல் அது. அந்தக் கணக்கில் பணம் அந்த இருவருடையது, ஒருவர் காலமானால் மற்றவருக்குப் போகும். கம்பெனிக் கணக்கிலோ பணம் கம்பெனியுடையது. நாங்கள் அதன் சார்பில் கையெழுத்துப் போடுகிறவர்கள் மட்டும். எங்களில் ஒருவர் போனால் கணக்கு மற்றவருக்கு வந்துவிடாது. இயக்குநர் குழு புதுத் தீர்மானம் போட்டுப் புதுப் பெயரைக் கொடுக்க வேண்டும். ஆகவே அந்த இடத்தில் 'தனித்தனியாக' அல்லது 'இருவரும் கூட்டாக' என்றுதான் எழுத வேண்டும்.

நாங்கள் இரண்டையும் கலந்து வைத்துக்கொண்டோம். தீர்மானம் ஆங்கிலத்தில்தான் இருந்தது, அதன் சாரம் இது: "இன்ன வங்கியின் இன்ன கிளையில் கம்பெனியின் பெயரில் நடப்புக் கணக்கு தொடங்குவது, இயக்குநர்கள் இருவரும் அதை இயக்க அதிகாரம் பெறுவது, ஒரு லட்சம் ரூபாய் வரை யாராவது ஒருவர் கையெழுத்து, அதற்கு மேல் இருவர் கையெழுத்து, இணையவழிச் சேவைக்கும் இதே வரம்பு, இந்தத் தீர்மானத்தை மாற்றி வங்கிக்கு எழுத்தில் தெரிவிக்கும்வரை இது செல்லும்." இணையவழி பற்றிய வரியை மேனேஜர்தான் சேர்க்கச் சொன்னார். அது இல்லாவிட்டால் நெட் பேங்கிங் கேட்கும்போது இன்னொரு தீர்மானம் கொண்டுவர வேண்டியிருக்கும். கீழே எங்கள் மாதிரிக் கையெழுத்துகள். என் கையெழுத்தைத் தம்பி உறுதி செய்தான், அவனுடையதை நான். கம்பெனி முத்திரை கட்டாயம் இல்லை என்று 2015-லேயே சட்டம் மாறிவிட்டது. 'இயக்குநர்' என்ற ரப்பர் ஸ்டாம்பே போதுமானதாக இருந்தது.

கடிதத்தையும் மறுபடி எழுதினேன். "எங்கள் நிறுவனத்தின் பெயரில் நடப்புக் கணக்கு தொடங்கித் தருமாறு கேட்டுக்கொள்கிறோம். 28.06.2023 அன்று நடந்த கூட்டத்தின் தீர்மான நகலை இணைத்துள்ளோம். எங்களுக்கு எந்த வங்கியிலும் கடன் வசதி இல்லை" என்று மூன்று வரி, பிறகு இணைப்புகள். கடன் பற்றிய அந்த வரி முக்கியம். வேறு வங்கியில் கடன் வைத்திருப்பவர்களுக்கு நடப்புக் கணக்கு தருவதில் ரிசர்வ் வங்கி 2020-லிருந்து கட்டுப்பாடு வைத்திருக்கிறது, அதனால் எப்படியும் கேட்பார்கள். லெட்டர்ஹெட்டில் கம்பெனியின் பெயர், பதிவு முகவரி, கம்பெனியின் அடையாள எண்ணான சிஐஎன், தொலைபேசி, மின்னஞ்சல் இருக்க வேண்டும். முதல் கடிதத்தில் சிஐஎன் விட்டுப்போயிருந்தது.

ஜூலை 3 அன்று மறுபடி போனோம். இந்தத் தடவை இடித்தது பெயர். தம்பியின் ஆதாரில் அவன் பெயருக்குப் பின்னால் ஒற்றை எழுத்து இனிஷியல். பான் அட்டையில் அப்பாவின் பெயர் முழுதாக விரிந்து முன்னால் நிற்கிறது. கம்பெனிப் பதிவேடு பான் அட்டைப்படி, தீர்மானமோ ஆதார்ப்படி. நம் ஊரில் இனிஷியல் வைத்திருக்கிற எல்லோருக்கும் வரக்கூடிய சிக்கல் இது. இரண்டு பெயரும் ஒரே ஆள்தான் என்று நோட்டரியிடம் உறுதிமொழிப் பத்திரம் வாங்கிக் கொடுத்தோம், ஏற்றுக்கொண்டார்கள். கூட்டம் போடுவதற்கு முன்பே பான் அட்டையைப் பக்கத்தில் வைத்துப் பெயரை எழுத்து எழுத்தாகப் பார்த்து எழுதியிருந்தால் அந்த அலைச்சல் இல்லை.

உண்மையான உரிமையாளர் யார் என்று இன்னொரு படிவம். பத்து சதவீதத்துக்கு மேல் பங்கு வைத்திருப்பவர்களைக் காட்ட வேண்டும். எங்களிடம் 60, 40 என்பதால் இருவர் பெயரும் வந்தது. இரண்டு நாள் கழித்து வங்கியிலிருந்து ஒருவர் கடைக்கு வந்து, ஆங்கிலத்திலும் தமிழிலும் எழுதிய பெயர்ப் பலகையோடு எங்களைப் படம் எடுத்துக்கொண்டு போனார். ஜூலை 11 அன்று கணக்கு எண் வந்தது.

கணக்கு வந்ததும் மொத்த ஒரு லட்சத்தையும் நானே போட்டுவிடுவதாக இருந்தேன், தம்பியிடம் பிறகு வாங்கிக்கொள்ளலாம் என்று. ஆடிட்டர் வேண்டாம் என்று தடுத்தார். பதிந்த 180 நாளுக்குள், எங்கள் விஷயத்தில் டிசம்பர் 11-க்குள், பங்குப் பணம் வந்துவிட்டது என்று INC-20A படிவத்தில் அறிவிக்க வேண்டும். அதைச் செய்யாமல் கம்பெனி தொழிலே தொடங்கக் கூடாது, தவறினால் கம்பெனிக்கு 50,000 ரூபாய் அபராதம். அந்தப் படிவத்துக்குச் சான்றாக வைப்பது இந்தக் கணக்கின் ஸ்டேட்மெண்ட். அதில் ஒவ்வொரு பங்குதாரரின் பணமும் அவரவர் கணக்கிலிருந்து வந்ததாகத் தெரிய வேண்டும் என்றார். கணக்கு திறப்பதில் நாங்கள் இழந்த மூன்று வாரமும் இந்த 180 நாளுக்குள்தான் ஓடியது.

அன்று மாலையே என் கணக்கிலிருந்து 60,000, தம்பி கணக்கிலிருந்து 40,000 அனுப்பினோம். மறுநாள் எடுத்த ஸ்டேட்மெண்டில் அந்த இரண்டு வரிகள்தான் இருந்தன. அதை வைத்து அந்த வாரமே படிவத்தைத் தாக்கல் செய்தோம்.