தொடர் வெற்றிக்கு அப்புறம் குவான்டிட்டியை ஏற்றாதீர்கள்: ப்ராப் டெஸ்க் மதிப்பீட்டு அனுபவம்

ரிசல்ட் வந்துவிட்டது. சேலம் ஃபேர்லேண்ட்ஸ் பக்கம் இருக்கும் ஒரு சிறிய ப்ராப் டெஸ்க்கின், அதாவது தன் சொந்தக் காசில் டிரேடு செய்ய ஆள் எடுக்கும் நிறுவனத்தின், மதிப்பீட்டில் தேறிவிட்டேன். கொலுசுப் பட்டறை நடத்தும் அப்பாவிடம் முதலில் சொன்னேன், அப்புறம் நன்றாகத் தூங்கினேன். எங்கள் பேட்ச்சில் என்னைவிட நன்றாக சார்ட் படிக்கிறவர்கள் இருந்தார்கள். அவர்களில் ஒரு அண்ணா வெளியே போனது இன்னமும் மனதை அறுக்கிறது. அவர் தோற்றது சார்ட்டில் இல்லை என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

அமைப்பு உங்களுக்குத் தெரிந்ததுதான். எங்களுக்கு 5 லட்சம் ரூபாய் மூலதனம், 8 சதவீத லாப இலக்கு, ஒரு நாளைக்கு 2 சதவீத நஷ்ட வரம்பு, உச்சத்திலிருந்து 30,000 ரூபாய் இறங்கினால் அவுட். கேஷ் பங்குகளில் இன்ட்ராடே மட்டும். கவனிக்க வேண்டிய சொல் "உச்சத்திலிருந்து". கணக்கு ஏற ஏற அந்தத் தரையும் கூடவே ஏறும். லாபம் வந்துவிட்டதால் கையில் மெத்தை இருக்கிறது என்று நினைக்கிறோமே, இந்த விதியில் அப்படி ஒன்று கிடையாது.

அந்த அண்ணாவின் கணக்கையே சொல்கிறேன், அவர் சம்மதத்தோடுதான். நாங்கள் இருவரும் ஒரு டிரேடுக்கு அரை சதவீதம், அதாவது 2,500 ரூபாய் ரிஸ்க் என்று வைத்திருந்தோம். ஜெயித்தால் அதைப்போல ஒன்றரை மடங்கு, 3,750. அவருக்குத் தொடர்ந்து ஆறு டிரேடு ஜெயித்தது. 22,500 லாபம், கணக்கு 5,22,500. இலக்குக்கு இன்னும் 17,500 தான். "நம்ம காசா போகுது? மார்க்கெட் குடுத்த காசுதானே, மூணு மடங்கு போட்டா ரெண்டு டிரேடுல முடிச்சிடலாம்" என்றார். ரிஸ்க்கை 7,500 ஆக்கினார்.

முதல் டிரேடு ஸ்டாப்பில், அதாவது நஷ்டத்தோடு வெளியேற முன்கூட்டியே வைத்த விலையில், போனது. அடுத்தது பாதி வழியில் இருக்கும்போதே நாள் வரம்பான 10,000 தொட்டு டெர்மினல் பூட்டிக்கொண்டது. மறுநாள் இழந்ததை எடுக்க ஒரே டிரேடில் 10,000 ரிஸ்க், அதுவும் ஸ்டாப். அதற்கு அடுத்த நாளும் அதே. கணக்கு 4,92,500. தரை சரியாக அங்கேதான் இருந்தது, அவுட். கவனியுங்கள், ஆரம்ப முதலைவிட அவர் வெறும் 7,500 தான் கீழே இருந்தார். அதே நான்கு டிரேடும் பழைய 2,500 ரிஸ்க்கில் ஸ்டாப் வரை போயிருந்தாலும் நஷ்டம் 10,000. கணக்கு 5,12,500-ல் உயிரோடு இருந்திருக்கும். அவர் பார்த்த சார்ட், நுழைந்த இடம், வைத்த ஸ்டாப் எதையும் மாற்ற வேண்டியதே இல்லை.

எனக்கு இதில் புரிந்த ஒரே விஷயம், ஆனால் இதைத்தான் திரும்பத் திரும்பச் சொல்வேன்: எந்த வெற்றித் தொடரும் ஒரு தோல்வியில்தான் முடியும். வேறு வழியில் அது முடியவே முடியாது. அப்படியானால் ஜெயிக்க ஜெயிக்க அளவை ஏற்றுகிறவருக்கு அந்தத் தொடரிலேயே பெரிய பொசிஷன் எப்போதும் தோற்கிற டிரேடில்தான் இருக்கும். கெட்ட நேரம் என்று இதைச் சொல்ல முடியாது, அவர் வைத்துக்கொண்ட விதியே அந்த வேலையைச் செய்கிறது.

ஆறு தொடர்ந்து ஜெயித்தால் ஏதோ பிடிபட்டுவிட்டது என்று தோன்றும். ஆனால் ஜெயிக்கவும் தோற்கவும் சம வாய்ப்பு உள்ள முறையில் 100 டிரேடு போட்டால், எங்காவது ஆறு தொடர் வெற்றி வருவதற்கு பாதிக்குக் கொஞ்சம் மேலேயே வாய்ப்பு இருக்கிறது. நாணயத்தைச் சுண்டினாலும் அப்படித்தான். ஜெயித்த காசை அந்நியக் காசாக நினைத்துக் கூடுதல் ரிஸ்க் எடுப்பதை ரிச்சர்ட் தேலரும் எரிக் ஜான்சனும் 1990-லேயே ஆய்வு செய்து எழுதியிருக்கிறார்கள். அந்த அண்ணா சொன்ன வார்த்தை அப்படியே அதுதான்.

சரி, அளவை மாற்றாமல் வைப்பது என்றால் என்ன? பங்கு எண்ணிக்கையை மாற்றாமல் வைப்பது இல்லை, ரிஸ்க் தொகையை மாற்றாமல் வைப்பது.

எண்ணிக்கை = ரிஸ்க் தொகை ÷ (நுழைவு விலை − ஸ்டாப் விலை)

820-ல் வாங்கி 808-ல் ஸ்டாப் என்றால் இடைவெளி 12. 2,500-ஐ 12-ஆல் வகுத்தால் 208. நான் 200 என்று குறைத்துக்கொள்வேன். 2,400 போக மிச்சம் 100, கட்டணத்துக்கு. சந்தை துள்ளுகிற நாளில் ஸ்டாப் 25 ரூபாய் தள்ளிப் போனால் எண்ணிக்கை 100 ஆகிவிடும். அதுதான் சரி.

நேரடியாக ஏற்றுகிறவர்களைவிட, ஏற்றுகிறோம் என்று தெரியாமலே ஏற்றுகிறவர்கள்தான் அதிகம். இரண்டு வழிகளில் இது நடக்கும். ஒன்று, 2,500-ஐ அப்படியே வைத்துக்கொண்டு ஸ்டாப்பை மட்டும் 12-லிருந்து 4-க்குக் கொண்டுவருவது. எண்ணிக்கை 625 ஆகிவிடும், தாளில் ரிஸ்க் அதேதான். ஆனால் பங்கின் சாதாரண அசைவே அந்த 4 ரூபாயைத் தொட்டுவிடும். தொட்ட வேகத்தில் 625 பங்கும் ஸ்டாப் விலைக்குக் கீழே போய் விற்கும். இன்னொன்று, ஒரே நேரத்தில் மூன்று வங்கிப் பங்குகளில் தலா 2,500. மூன்றும் சேர்ந்தே இறங்கும் பங்குகள், அதனால் உண்மையான ரிஸ்க் 7,500-க்குப் பக்கத்தில். நான் ஒரு துறையில் ஒரு பொசிஷனுக்கு மேல் எடுக்கவில்லை.

நான் கடைப்பிடித்தவை. நான் காலையில் ஒரு முடிவு எடுத்தால் மாலைவரை அதைத் தொட விரும்பாத ஆள். வேறு சுபாவம் உள்ளவர்களுக்கு இது இறுக்கமாகத் தெரியலாம்.

- 9:15-க்கு முன்னால் அன்றைய ரிஸ்க் தொகையை நோட்டில் பேனாவால் எழுதிவிடுவேன். சந்தை திறந்த பிறகு மாற்றமில்லை.
- ரிஸ்க் தொகையை மாதத்தின் முதல் சந்தை நாளில் மட்டும் மறுபடி கணக்கிடுவேன். 5,22,500-க்கு அரை சதவீதம் 2,612 தான், ஆறு வெற்றிக்கு நியாயமான உயர்வே 112 ரூபாய்.
- திரையில் லாப நஷ்டத் தொகையை மறைத்துவிட்டேன்.
- நோட்டில் ரூபாய் கிடையாது. +1.5, −1 என்று ரிஸ்க் மடங்கில் மட்டும். அப்படி எழுதினால் பெரிய தொகை என்று ஒன்று கண்ணிலேயே படாது.
- எடுத்த பொசிஷனில் மேலும் சேர்ப்பதில்லை.

இதில் ஒரு விலை இருக்கிறது, மறைக்க மாட்டேன். எனக்கும் தொடர் வெற்றி வந்தது, அளவை ஏற்றியிருந்தால் சீக்கிரமே முடிந்திருக்கும். கடைசி வாரம்வரை இலக்குக்காகக் காத்திருந்தேன். காலக்கெடு ரொம்பக் குறுகியதாக உள்ள மதிப்பீட்டுக்கு இந்த வேகம் போதாது. அப்படிப்பட்ட மதிப்பீட்டில் நான் சேரவே மாட்டேன்.

மதிப்பீட்டின் நடுவில் இருப்பவர்கள் இன்று மாலை ஒன்று செய்து பாருங்கள். முதல் பத்து டிரேடுகளின் சராசரி ரிஸ்க்கையும் கடைசிப் பத்தின் சராசரி ரிஸ்க்கையும் தனித்தனியாகப் போடுங்கள். நினைவிலிருந்து இல்லை, ஆர்டர் புக்கிலிருந்து, அப்போது வைத்த ஸ்டாப்பை வைத்து. ஒரே துறையில் ஒரே நேரத்தில் இருந்தவற்றை ஒன்றாகக் கூட்டுங்கள். இரண்டாவது எண் முதலாவதைவிட ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் கூடியிருந்தால், நாளை காலை பழைய தொகையையே நோட்டில் எழுதிவிட்டு உட்காருங்கள்.