எல்லா வீடியோவுக்கும் ஒரே படம்: இணைப்பு முன்னோட்டத்தைச் சரிசெய்த கதை

நாதஸ்வரக் கச்சேரிப் பதிவுகளைத் தொகுத்து வைத்திருக்கும் ஒரு சிறிய இணையதளத்தை நான் பராமரிக்கிறேன். பழைய ஒளிநாடாக்களிலிருந்து மாற்றியவை, அண்மைக் கோயில் விழாக்களில் எடுத்தவை என இருவகைப் பதிவுகளும் அதில் உள்ளன. வீடியோக்கள் யூடியூபில் இருக்கின்றன; எங்கள் தளத்தில் ராகம், கலைஞர், ஊர் ஆகிய விவரங்களோடு அவற்றைப் பதித்திருக்கிறோம். ரசிகர்கள் வாட்ஸ்அப் குழுக்களில் எந்தப் பதிவின் இணைப்பைப் பகிர்ந்தாலும் முன்னோட்டமாகத் தளத்தின் இலச்சினையும் பெயரும்தான் வந்தன. தோடியும் கரகரப்ரியாவும் ஒரே முகத்தோடு நின்றால் யார் திறப்பார்கள்? அனுப்பியதையே மறுபடி அனுப்பியிருக்கிறார்கள் என்று நினைத்துப் பலரும் கடந்துபோனார்கள். நல்ல பதிவுகள் கேட்கப்படாமல் போவது எனக்குத் தாங்கவில்லை.

முதலில் தெளிவாக வேண்டியது, அந்த முன்னோட்டத்தை யார் உருவாக்குகிறார்கள் என்பது. வாட்ஸ்அப்பிலும் சிக்னலிலும் அனுப்புபவரின் கைபேசியே இணைப்புக்குப் போய்ப் பக்கத்தைப் படித்து, தலைப்பையும் படத்தையும் எடுத்துச் செய்தியோடு சேர்த்து அனுப்புகிறது. பெறுபவரின் கைபேசி எதையும் தேடிப் போவதில்லை. டெலிகிராமில் இந்த வேலையை அந்நிறுவனத்தின் சர்வர் செய்கிறது. யார் செய்தாலும், அவர்கள் படிப்பது பக்கத்தின் தலைப்பகுதியில் இருக்கும் `og:title`, `og:image` போன்ற குறிச்சொற்களை. 2010இல் ஃபேஸ்புக் அறிமுகப்படுத்திய ஓப்பன் கிராஃப் முறை இது. படிக்கும் நிரல் உலாவியைப் போன்றதல்ல. சர்வர் முதலில் அனுப்பும் ஹெச்டிஎம்எல்லை மட்டும் பார்க்கும். ஜாவாஸ்கிரிப்ட் பிறகு நிரப்புவதற்காகக் காத்திராது.

ஆகவே உலாவியில் பக்கத்தைத் திறந்து பார்ப்பதில் பயனில்லை. அந்த நிரலுக்கு என்ன கிடைக்கிறதோ அதை நாமும் பார்க்க வேண்டும். அதற்கு இந்தக் கட்டளை போதும் (முகவரியை மட்டும் மாற்றிக் காட்டியிருக்கிறேன்):

```
curl -sL -A "WhatsApp/2" "https://example.org/#/video/214" \
 | grep -io '<meta[^>]*og:[^>]*>'
```

214க்கும் 215க்கும் எழுத்துக்கு எழுத்து ஒரே விடை வந்தது: முகப்புப் பக்கத்தின் தலைப்பும் இலச்சினையும். காரணம் முகவரியிலேயே இருந்தது. # குறிக்குப் பின்னால் வருவது சர்வருக்குப் போகவே போகாது. அது உலாவி தனக்குள் வைத்துக்கொள்ளும் பகுதி. எங்கள் பதிவுகள் அத்தனைக்கும் சர்வரைப் பொறுத்தவரை ஒரே முகவரி, ஒரே பக்கம். எந்த வீடியோ வேண்டும் என்பதை ஜாவாஸ்கிரிப்ட்தான் பிறகு முடிவு செய்தது. தளத்தை முதலில் கட்டிக்கொடுத்தவர்கள் குறிச்சொற்களையும் ஜாவாஸ்கிரிப்டாலேயே மாற்றியிருந்தார்கள். அதனால் உலாவியின் ஆய்வுக் கருவியில் பார்த்தபோது எல்லாம் சரியாகவே தெரிந்தது. இப்படிப்பட்ட தளங்களில் தேடுபவரை அதிகம் குழப்புவது இதுதான்.

முகவரிகளை `/video/214` என்ற வடிவத்துக்கு மாற்றினோம். அந்த முகவரி கேட்கப்பட்டதும் சர்வரே பதிவின் விவரத்தை எடுத்துத் தலைப்பகுதியை நிரப்பி அனுப்பும்படி ஒரு சிறு நிரல் எழுதினேன். வாட்ஸ்அப்புக்கு ஒன்று, மனிதருக்கு ஒன்று எனத் தனித்தனியாகக் கொடுக்கத் தேவையில்லை. எல்லோருக்கும் ஒரே தலைப்பகுதியை அனுப்புவதே எளிது, பின்னால் பிழை தேடவும் வசதி. தலைப்பில் இரட்டை மேற்கோள் இருந்தால் குறிச்சொல் பாதியில் அறுந்துவிடும் என்பதால், அதை `&quot;` என மாற்றி எழுத வேண்டும்.

வாட்ஸ்அப்பில் கலைஞரின் படம் வந்துவிட்டது. ஃபேஸ்புக்கிலோ இன்னும் இலச்சினையே வந்தது. ஒரே இணைப்பு இரண்டு இடங்களில் இரண்டு விதமாகத் தெரிந்தால் அது நல்ல துப்பு. இங்கே குற்றவாளி `og:url`. அதில் இன்னும் முகப்பின் முகவரியே நின்றது. ‘இந்தப் பக்கத்தின் உண்மையான முகவரி இதுதான்’ என்று சொல்லும் குறிச்சொல் அது; ஃபேஸ்புக் அதை நம்பி முகப்புக்குப் போய்ப் படத்தை எடுத்தது. ஃபேஸ்புக்கின் Sharing Debugger பக்கத்தில் இணைப்பைக் கொடுத்தால் எந்த முகவரியிலிருந்து விவரம் எடுக்கப்பட்டது என்பது தெரியும். திருத்திய பின் அங்கேயே Scrape Again பொத்தானை அழுத்தினால் புதிதாகப் படிக்கும்.

அடுத்த சிக்கல் எனக்கு மிகவும் பிடித்தது. புதிய பதிவுகளுக்குப் படம் வந்தது. ஒளிநாடாப் பதிவுகள் பலவற்றுக்குத் தலைப்பு மட்டும் வந்தது, படம் இல்லை. தலைப்பு வருகிறது என்றால் பக்கம் சரியாகப் படிக்கப்படுகிறது, படத்தை எடுப்பதில்தான் தடங்கல் என்று பொருள். ஆகவே இந்த முறை பக்கத்தை விட்டுவிட்டுப் படத்தின் முகவரியைச் சோதித்தேன்:

```
curl -sI "https://i.ytimg.com/vi/VIDEO_ID/maxresdefault.jpg"
```

விடையின் முதல் வரியில் 404. எங்கள் வார்ப்புரு எல்லாப் பதிவுகளுக்கும் `maxresdefault.jpg` என்ற பெரிய படத்தையே கேட்டது. குறைந்த தெளிவில் ஏற்றப்பட்ட வீடியோக்களுக்கு அந்தப் பெரிய அளவு பெரும்பாலும் உருவாக்கப்படுவதில்லை. இதில் ஏமாற்றும் விஷயம் ஒன்றுண்டு: அதே முகவரியை உலாவியில் திறந்தால் 120x90 அளவில் ஒரு சாம்பல் நிறப் படம் தெரியும். படம் இருப்பதாகவே கண் நம்பும். 404 என்ற எண்ணோ கண்ணுக்குத் தெரியாது.

பெரிய படம் இல்லாத இடத்தில் `hqdefault.jpg` கொடுத்தேன். 480x360 அளவுள்ள அந்தப் படம் 4:3 விகிதம் கொண்டது. அகலத் திரை வீடியோக்களுக்கு மேலும் கீழும் கறுப்புப் பட்டை விழும். ஆனால் எங்கள் ஒளிநாடாக்களே 4:3 என்பதால் வித்வானும் தவில்காரரும் சட்டம் நிறையத் தெரிகிறார்கள். ஒவ்வொரு முறையும் சோதிப்பது வீண்வேலை என்பதால், பதிவைத் தளத்தில் சேர்க்கும்போதே சோதித்து, கிடைக்கும் படத்தின் முகவரியைத் தரவுத்தளத்தில் எழுதிவிடுகிறோம்.

திருத்திய பிறகும் ‘எனக்குப் பழைய படம்தான் வருகிறது’ என்று செய்திகள் வந்தன. வாட்ஸ்அப்பில் ஏற்கெனவே போன செய்திக்குள் படம் சேர்ந்தே போய்விட்டது. அதை நாம் எதுவும் செய்ய முடியாது. நாங்கள் பார்த்தவரை, அந்தச் செய்தியை ஃபார்வர்டு செய்தால் பழைய படமும் கூடவே பயணிக்கிறது. இணைப்பை நகலெடுத்துப் புதிதாக ஒட்டினால்தான் கைபேசி மறுபடி போய்ப் படிக்கும். ஒட்டியதும் முன்னோட்டம் தெரியும்வரை ஓரிரு நொடி பொறுக்க வேண்டும். அதற்குள் அனுப்பினால் வெறும் இணைப்பு மட்டும் போகும். டெலிகிராமில் சர்வர் நினைவில் வைத்திருப்பதால் @WebpageBot கணக்குக்கு இணைப்பை அனுப்பிப் புதுப்பித்தோம்.

ஒருவர் அனுப்பினால் மட்டும் எந்த இணைப்புக்கும் முன்னோட்டமே வரவில்லை, மற்றவர்களுக்கு வந்தது. அவருடைய வாட்ஸ்அப்பில் தனியுரிமை அமைப்புகளின் மேம்பட்ட பகுதியில் இணைப்பு முன்னோட்டத்தை முடக்கும் தேர்வு இயக்கப்பட்டிருந்தது. அதற்குத் தளத்தில் மருந்து கிடையாது.

# உள்ள பழைய முகவரிகள் இன்னும் ஏராளமான குழுக்களில் உலவுகின்றன. அவற்றைப் பகிர்ந்தால் இன்றும் இலச்சினையே வரும். சர்வருக்கு எண் தெரியாத வரை வேறு வழியில்லை. அப்படித் திறப்பவர் சரியான பதிவுக்கே போகிறார் என்பதையும், முகவரிப் பட்டை அந்தக் கணமே `/video/214` என்று மாறிவிடுகிறது என்பதையும் உறுதிசெய்திருக்கிறோம். அங்கிருந்து அவர் நகலெடுத்து அனுப்பினால் அடுத்தவருக்குச் சரியான படம் போய்ச் சேரும்.