மீந்துபோன பத்து லட்சம்

நிறுவனத்தின் முதலீட்டுத் திட்டங்களைத் தொகுத்து வரிசைப்படுத்தும் பொறுப்பு முதன்முறையாக என்னிடம் வந்த ஆண்டில், துறைகள் ஐந்து திட்டங்களை அனுப்பியிருந்தன. ஐந்தும் லாபம் தருபவை. கேட்கப்பட்ட மொத்தத் தொகை 234 லட்சம். இயக்குநர் குழு அந்த ஆண்டுக்கு ஒதுக்கியிருந்ததோ 100 லட்சம்தான், அதற்கு மேல் ஒரு காசும் கிடையாது என்று எழுத்திலேயே சொல்லிவிட்டார்கள். எனவே எது நல்ல திட்டம் என்பது கேள்வியாக இல்லை. நல்லவற்றுள் எவற்றை விடுவது என்பதே கேள்வியாக இருந்தது.

அதற்கு நான் எடுத்துக்கொண்ட கருவி லாபத்தன்மைக் குறியீடு. ஒரு திட்டம் வருங்காலத்தில் தரப்போகும் பணவரவுகளைத் தள்ளுபடி செய்து இன்றைய மதிப்புக்குக் கொண்டுவந்து, அந்தக் கூட்டுத்தொகையை இன்று போடும் முதலீட்டால் வகுத்தால் கிடைப்பது அது. விடை 1-க்கு மேல் இருந்தால் திட்டம் தன் மூலதனச் செலவை, அதாவது போட்ட பணத்துக்கு ஆண்டுதோறும் ஆகும் விலையை, தாண்டி ஈட்டுகிறது என்று பொருள். அதே கூட்டுத்தொகையிலிருந்து முதலீட்டைக் கழித்தால் கிடைக்கும் நிகர நிகழ்கால மதிப்பு, ஒரு திட்டம் மொத்தமாக எவ்வளவு சேர்க்கும் என்று சொல்லும். குறியீடு போடும் ஒவ்வொரு லட்சத்துக்கும் எவ்வளவு என்று சொல்லும். பணம் தட்டுப்பாடாக இருக்கும்போது பின்னதுதான் வேண்டும் என்பது அன்று என் எண்ணம்.

கணக்குப் போடத் தொடங்குமுன் துறைகளின் தாள்களைச் சரிபார்த்ததில் இரண்டு கோளாறுகள் அகப்பட்டன. முதலாவது சிறியது, ஆனால் எங்கும் நடப்பது. கொதிகலனில் வீணாகும் வெப்பத்தை மீட்கும் திட்டத்தின் தாளில், இன்று போடும் முதலீட்டையும் சேர்த்து மொத்தப் பத்தியையும் எக்செலின் NPV சூத்திரத்துக்குள் கொடுத்திருந்தார்கள். அந்தச் சூத்திரம் தனக்குக் கொடுக்கப்படும் முதல் தொகையே ஓர் ஆண்டு கழித்து வருவதாக எடுத்துக்கொள்ளும். அதனால் இன்றைய செலவும் ஓராண்டுத் தள்ளுபடிக்கு உள்ளாகி, விடை முழுவதும் ஒரு படி சுருங்கிவிடும். எங்கள் தள்ளுபடி விகிதம் 12 சதவீதம் என்பதால், 12 லட்சமாக இருக்க வேண்டிய நிகர மதிப்பு 10.7 லட்சம் என்று நின்றது. முதலீட்டை வெளியே எடுத்துத் தனியாகக் கூட்டுவதே சரியான முறை:

```
தவறு:  =NPV(12%,B2:B7)
சரி:   =B2+NPV(12%,B3:B7)
```

B2-இல் முதலீடு கழித்தல் குறியோடு இருக்கிறது. சந்தேகம் வந்தால் ஒவ்வோர் ஆண்டுக்கும் தள்ளுபடிக் காரணியை அடுத்த பத்தியில் எழுதிப் பெருக்கிக் கூட்டிப் பார்க்கலாம். இரண்டு விடைகளுக்கும் இடையிலான விகிதம் சரியாக 1.12 என்றால் தவறு இதுவேதான்.

இரண்டாவது கோளாறு கிடங்கை நவீனமாக்கும் திட்டத்தில் இருந்தது. அதன் முதலீடு 64 லட்சம் என்று குறித்திருந்தார்கள். உள்ளே போய்ப் பார்த்தால், இந்த ஆண்டு வேண்டியது 50 லட்சம். மீதி 14 லட்சம் அடுத்த ஆண்டு இரண்டாம் கட்டத்துக்குப் போகும் பணம். அந்தப் பதினான்கின் இன்றைய மதிப்பு 12.5 லட்சம். அதை முதலீட்டோடு சேர்த்து 62.5-ஆல் 78.5-ஐ வகுத்தால் குறியீடு 1.256. அதையே வருங்காலப் பணவரவிலிருந்து கழித்துவிட்டு 50-ஆல் 66-ஐ வகுத்தால் 1.32. இரண்டிலும் நிகர மதிப்பு 16 லட்சம்தான். ஒரே செலவை வகுத்தலின் கீழே வைப்பதா மேலே வைப்பதா என்பதில்தான் குறியீடு இப்படி ஆடுகிறது. கிடங்கு மேலாளரிடம் பேசியபோது, “செலவு செலவுதானே, எந்த ஆண்டு போனால் என்ன?” என்று கேட்டார். நிகர மதிப்பைப் பொறுத்தவரை அவர் சொன்னது நியாயம்தான், ஏனென்றால் அந்தச் செலவு அதில் ஏற்கெனவே கழிக்கப்பட்டுவிட்டது. ஆனால் வகுத்தலின் கீழே வர வேண்டியது எது தட்டுப்பாடோ அது. எங்களுக்குத் தட்டுப்பாடு இந்த ஆண்டின் 100 லட்சம். அதிலிருந்து இந்தத் திட்டம் எடுத்துக்கொள்வது 50 மட்டுமே. இந்த ஒரு திருத்தம் பின்னால் எவ்வளவு பெரிய வேறுபாட்டை உண்டாக்கும் என்று அப்போது எனக்குத் தெரியவில்லை.

திருத்திய பிறகு ஐந்தும் இப்படி வரிசைப்பட்டன. வெப்ப மீட்பு: முதலீடு 30, நிகர மதிப்பு 12, குறியீடு 1.40. பொதி கட்டும் இயந்திரம்: 40, 14, 1.35. கிடங்கு: 50, 16, 1.32. புதிய உற்பத்திப் பிரிவு: 80, 22, 1.275. ஆய்வகக் கருவிகள்: 20, 5, 1.25.

நிகர மதிப்பை மட்டும் பார்த்து மேலிருந்து எடுத்திருந்தால் உற்பத்திப் பிரிவு முதலில் 80-ஐ விழுங்கியிருக்கும். மிச்சம் 20-இல் ஆய்வகம் மட்டும் நுழைந்து, மொத்தம் 27 லட்சத்தோடு கதை முடிந்திருக்கும். குறியீட்டின்படி எடுத்தபோது வெப்ப மீட்பும் பொதி இயந்திரமும் சேர்ந்து 70 ஆயின, மிச்சமிருந்த 30-இல் கிடங்கும் அடங்கவில்லை, உற்பத்திப் பிரிவும் அடங்கவில்லை, ஆய்வகம் அடங்கியது. மொத்தச் செலவு 90, நிகர மதிப்பு 31. இருபத்தேழைவிட நான்கு லட்சம் கூடுதல் என்பதில் எனக்குத் திருப்தி. அந்தத் தாளையே குழுவின் முன் வைத்தேன்.

நிதி இயக்குநர் பட்டியலை மேலிருந்து கீழே ஒருமுறை பார்த்துவிட்டு, “மீதிப் பத்து லட்சத்தை என்ன செய்வதாக இருக்கிறீர்கள்?” என்றார். வங்கியில் இருக்கட்டும் என்று சொன்னேன். “நூறு ரூபாய் போதவில்லை என்று எல்லோரும் அடித்துக்கொள்கிறோம், நீங்கள் பத்தை வங்கியில் போடுகிறீர்கள்” என்று சிரித்துக்கொண்டே தாளைத் திருப்பிக் கொடுத்தார். சிரிப்பில் இருந்த குத்தல் சரியான இடத்தில்தான் விழுந்தது. சும்மா கிடக்கும் பணம், மிக நல்ல நிலையிலும், தன் மூலதனச் செலவுக்கு மேல் எதையும் ஈட்டாது. நிகர மதிப்பில் அதன் பங்கு பூஜ்யம்.

அன்று மாலை உட்கார்ந்து யோசித்தபோதுதான் புரிந்தது. குறியீட்டு வரிசை பிழையின்றி வேலை செய்ய வேண்டுமானால் திட்டங்களைத் துண்டு போட்டு எடுக்க முடிய வேண்டும். கிடங்கில் ஐந்தில் மூன்று பங்கை மட்டும் எடுக்க முடிந்திருந்தால் மிச்ச 30 லட்சமும் அதில் போய், 9.6 லட்சம் கூடிவிடும்; மொத்தம் 35.6. ஆனால் பாதிக் கிடங்கு என்று ஒன்று இல்லை. முழுசாக எடு அல்லது முழுசாக விடு என்று வந்துவிட்டால், இது கொள்ளளவு குறிப்பிட்ட ஒரு பையில் எந்தப் பொருள்களை அடைத்தால் மதிப்பு அதிகம் என்கிற பழைய கணக்காகிவிடுகிறது. ஒரு லட்சத்துக்கு அதிகம் தரும் திட்டம், தன் அளவினால் பையில் பொருந்தாத ஓட்டையை உண்டாக்கினால், அந்த ஓட்டையின் இழப்பைக் குறியீடு காட்டாது.

ஐந்து திட்டங்கள் என்றால் எடுப்பதும் விடுவதுமாக 32 சேர்க்கைகள்தாம், கையாலேயே எழுதிவிட்டேன். திட்டங்கள் அதிகமானால் எக்செலின் Solver-இடம் விடலாம்: முதலீடு B பத்தியிலும், நிகர மதிப்பு C பத்தியிலும், 1 அல்லது 0 என்ற முடிவு D பத்தியிலும் இருந்தால் இரண்டே சூத்திரங்கள் போதும். முதலாவது 100-ஐத் தாண்டக் கூடாது, இரண்டாவது உச்சம் தொட வேண்டும், D பத்தி `bin` என்று கட்டுப்பட வேண்டும்.

```
=SUMPRODUCT(B2:B6,D2:D6)
=SUMPRODUCT(C2:C6,D2:D6)
```

விடை வெப்ப மீட்பு, கிடங்கு, ஆய்வகம். செலவு சரியாக 100, நிகர மதிப்பு 33. குறியீட்டில் இரண்டாம் இடத்தில் இருந்த பொதி இயந்திரம் வெளியே போய், கடைசியில் இருந்த ஆய்வகம் உள்ளே தங்கியது எனக்கே முதலில் உறுத்தலாக இருந்தது. கிடங்கின் முதலீடு 64 என்ற பழைய எண் அப்படியே இருந்திருந்தால் இந்தச் சேர்க்கை 114 ஆகி, கண்ணிலேயே பட்டிருக்காது என்பதையும் அப்போதுதான் கவனித்தேன்.

அதற்காகக் குறியீட்டு வரிசையை நான் தூக்கிப் போடவில்லை. துண்டு போட்டால் கிடைக்கும் 35.6 என்பது ஒரு கூரை. எந்தச் சேர்க்கையும் அதற்கு மேல் போக முடியாது. என் முதல் பட்டியலின் 31-க்கும் அந்தக் கூரைக்கும் இடையில் 4.6 லட்சம் இடைவெளி இருந்ததே, இன்னும் தேடு என்பதற்கான அடையாளம், நான்தான் பார்க்கவில்லை. இடைவெளி அரை லட்சமாக இருந்திருந்தால் தேடுவதில் பெரிய பயன் இருந்திருக்காது.

அடுத்த கூட்டத்தில் இன்னொரு கணக்கையும் சேர்த்து வைத்தேன். ஒதுக்கீடு 100-க்குப் பதில் 120 ஆனால், குறியீட்டின் முதல் மூன்றும் மிச்சமின்றி அடங்கி நிகர மதிப்பு 42 ஆகிறது. அதாவது, கூடுதல் 20 லட்சம், 12 சதவீத மூலதனச் செலவைக் கழித்த பிறகும், 9 லட்சத்தைச் சேர்க்கிறது. வரம்பு வெளியிலிருந்து வந்ததல்ல, நாமே போட்டுக்கொண்டது என்பதால் அதை நகர்த்த முடியுமா என்று கேட்டேன். கடன் அளவை உயர்த்துவதில்லை என்ற முடிவில் குழு உறுதியாக இருந்தது. பொதி இயந்திரத்தை ஓராண்டு தள்ளிப்போட்டால் என்ன இழப்பு என்று நிதி இயக்குநர் கேட்டார். வரவு செலவுகள் மாறாமல் அப்படியே ஓராண்டு நகர்ந்தால் 14 என்பது 12.5 ஆகும், இழப்பு ஒன்றரை லட்சம் என்று சொன்னேன். அந்த இயந்திரத்தைக் கேட்டிருந்த துறைத் தலைவரின் முகம் அப்போதுதான் கொஞ்சம் தெளிந்தது.

முப்பத்து மூன்று லட்சச் சேர்க்கைக்கே ஒப்புதல் கிடைத்தது. ஒரே ஒரு நிபந்தனை: கிடங்கின் இரண்டாம் கட்டத்துக்கான 14 லட்சத்தை அடுத்த ஆண்டின் ஒதுக்கீட்டிலிருந்து இப்போதே எடுத்துவைக்க வேண்டும். அடுத்த ஆண்டும் வரம்பு உண்டு என்று உறுதியானால், ஒரே எண்ணால் வகுக்கும் குறியீடு இரண்டு ஆண்டுகளின் தட்டுப்பாட்டையும் ஒன்றாகச் சொல்ல முடியாது. Solver-இல் இரண்டாம் ஆண்டுக்கு இன்னொரு கட்டுப்பாட்டு வரி சேர்க்க வேண்டியிருக்கும். ஆகவே அடுத்த ஆண்டுக்கான தாளை அன்றே திறந்து, முதல் வரியில் 14, எடுத்தாக வேண்டியது என்று எழுதினேன். இரண்டாம் வரியில் பொதி கட்டும் இயந்திரம், 40.