பார் தேர்வுக்கு வைத்த தவறு நோட்டு: எது உதவியது, எது நாளைக் கெடுத்தது

சட்டம் படித்தவர்கள் வக்கீல் தொழிலுக்காக எழுதும் அகில இந்திய பார் தேர்வில் பாஸ் என்று பார்த்த பிறகுதான் இதை எழுத மனம் வந்தது. பதிவு, கட்டணம், ஹால் டிக்கெட் எல்லாம் சிக்கலில்லாமல் முடிந்தன. பாடாய்ப் படுத்தியது, பயிற்சியில் தப்பான கேள்விகளை எழுதி வைக்கும் தவறு நோட்டுதான். அதைவிடவும், ஒரு பயிற்சி மையத்தில் காசு கொடுத்து வாங்கிய கேள்வித் தொகுப்பின் ஆன்சர் கீ.

பலரும் வைக்கும் நோட்டில் தேதி, கேள்வி எண், பாடம், சரியான விடை என்று நான்கு கட்டங்கள் இருக்கும். பக்கம் நிறைந்ததும் கூட்டிப் பார்த்தால் ‘சிபிசி வீக்’ என்று தெரியும். அதற்கு மேல் ஒன்றும் தெரியாது. 158 பிரிவுகளும் 51 ஆர்டர்களும் உள்ள அந்த சிவில் நடைமுறைச் சட்டத்தில் எங்கே போய் உட்கார்ந்து படிப்பது? பாடத்தின் பெயரோடு இன்னொரு கட்டம் வேண்டும். அந்தக் கேள்வி எந்த விதியில் நிற்கிறது, நாம் போட்ட தப்பு விடை எந்த விதிக்குச் சொந்தமானது, இரண்டையும் சொந்த வார்த்தையில் ஒரே வரியில் எழுத வேண்டும்.

ஒரு கேள்வியை வைத்துச் சொல்கிறேன். விசாரணை நாளில் பிரதிவாதி வந்துவிட்டார், வாதி வரவில்லை. பிரதிவாதி கோரிக்கையை ஒப்புக்கொள்ளவும் இல்லை. வழக்கு தள்ளுபடி ஆகிறது. வாதி அதே வழக்கு மூலத்தில் புதிதாக வழக்குப் போடலாமா? போட முடியாது. தள்ளுபடி ஆவது ஆர்டர் 9 ரூல் 8-இல்; புது வழக்கைத் தடுப்பது ரூல் 9. தள்ளுபடியை ரத்து செய்யக் கேட்டு மனுப் போடலாம், அவ்வளவுதான். ‘காலவரம்புக்குள் போடலாம்’ என்ற தப்பு விடை வானத்திலிருந்து விழவில்லை. அது ரூல் 4. இரு தரப்பும் வராமல் ரூல் 3-இல் தள்ளுபடியானால் புது வழக்கும் போடலாம், ரத்து மனுவும் போடலாம். ஆகவே நோட்டில் போக வேண்டிய வரி இது: “வாதி மட்டும் வரவில்லை என்றால் புது வழக்கு இல்லை, இருவரும் வரவில்லை என்றால் உண்டு.”

இப்படி வரி வரியாகச் சேர்ந்த பிறகு நோட்டைப் புரட்டினால் வேறொன்று கண்ணில் படும். வழக்கைத் தொடங்கும் மனுவான பிளெய்ன்ட் நிராகரிக்கப்பட்டால் புதிதாகத் தாக்கல் செய்யலாமா என்ற கேள்வி தப்பாகியிருக்கும் (ஆர்டர் 7 ரூல் 13, செய்யலாம்). கட்சிக்காரர் இறந்து வழக்கு அற்றுப்போனால் என்ன என்பதும் தப்பாகியிருக்கும் (ஆர்டர் 22 ரூல் 9, புது வழக்கு இல்லை). கோர்ட்டின் அனுமதி வாங்காமல் வழக்கை வாபஸ் வாங்கினால் என்ன என்பதும் அப்படியே (ஆர்டர் 23 ரூல் 1, இல்லை). பாட வாரியாகப் பார்த்தால் இவை நான்கு ஆர்டர்களில் சிதறிய நான்கு தவறுகள். விதி வாரியாகப் பார்த்தால் ஒரே ஓட்டை: ‘மறுபடி வழக்குப் போட முடியுமா?’ நான்கு ஆர்டர்களையும் முழுதாகப் படிக்கத் தேவையில்லை. இந்த ஒரு கேள்வியை வைத்துக்கொண்டு நான்கு இடங்களையும் ஒரே அமர்வில் பார்த்தால் ஓட்டை அடைபட்டுவிடும். நோட்டு வைத்த உழைப்புக்கு ஈடு இதில்தான் கிடைத்தது.

அடுத்த கட்டம், ஏன் தப்பானது என்பது. நீளமாக எழுதினால் தொடர முடியாது. ஓர் எழுத்து போதும். விதியே தெரியவில்லை என்றால் ‘தெ’. இரண்டு விதிகளுக்குள் குழம்பினால் ‘கு’. ‘தவிர’, ‘அல்ல’ போன்ற சொல்லைக் கவனிக்காமல் விட்டிருந்தால் ‘வா’, அதாவது வாசிப்பு. ஹாலுக்குள் கொண்டுபோகும், சட்ட வாசகம் மட்டும் உள்ள பேர் ஆக்டில் இருக்கிறது என்று தெரிந்தும் நேரத்துக்குள் தேடிப் பிடிக்க முடியவில்லை என்றால் ‘தே’. ‘வா’ தவறுகளைப் பாடக் கணக்கில் சேர்க்கவே கூடாது. சேர்த்தால் சாட்சியச் சட்டம் பலவீனமாகத் தெரியும், நன்றாகத் தெரிந்த அதையே மறுபடி படித்து நாள் போகும். அவை பெரும்பாலும் மாதிரித் தேர்வின் கடைசிப் பக்கங்களில் விழுகின்றனவா என்று பாருங்கள். விழுந்தால் பிரச்சினை அவசரம், சட்டம் அல்ல.

குருட்டாம்போக்கில் சரியாகிப்போன விடைகளும் நோட்டுக்குள் வர வேண்டும். இந்தத் தேர்வில் நெகட்டிவ் மார்க் இல்லாததால் தெரியாததற்கும் ஒன்றைத் தட்டிவிடுகிறோம், அதில் சில சரியாகிவிடும். ஆன்சர் கீயைப் பார்ப்பதற்கு முன்பே, பதில் போடும்போதே சந்தேகமுள்ள எண்ணுக்குப் பக்கத்தில் புள்ளி வைத்துவிடுங்கள். விடை தெரிந்த பிறகு ‘இது எனக்குத் தெரியும்’ என்றுதான் மனம் சொல்லும்.

இனி அந்த ஆன்சர் கீ. அட்டையில் புதிய சட்டங்களின் பெயர், உள்ளே பழைய விடைகள். 2024 ஜூலை 1 முதல் குற்றங்களுக்கான ஐபிசி, குற்றவியல் நடைமுறைக்கான சிஆர்பிசி, சாட்சியச் சட்டம் மூன்றின் இடத்தில் முறையே பிஎன்எஸ், பிஎன்எஸ்எஸ், பிஎஸ்ஏ வந்துவிட்டன. உயர் நீதிமன்றத்தின் உள்ளார்ந்த அதிகாரம் சிஆர்பிசி 482-இல் இருந்தது. இப்போது பிஎன்எஸ்எஸ் 528. ஆனால் பிஎன்எஸ்எஸ்-இலும் 482 இருக்கிறது, அது முன்ஜாமீன். எண் அதேதான், பொருள் வேறு என்பதால் கீ தப்பு என்று சந்தேகமே வராது. ஐபிசி 302 கொலை. பிஎன்எஸ்-இல் கொலைக்குத் தண்டனை 103, அங்கே 302 மத உணர்வைப் புண்படுத்தும் பேச்சு. போலீஸ் காவலில் சொன்ன தகவலால் பொருள் கண்டெடுக்கப்படுவது பற்றிய பழைய சாட்சியச் சட்டத்தின் 27-ஆம் பிரிவு தனிப் பிரிவாகவே இல்லை, பிஎஸ்ஏ 23-இன் வரம்புரையாகிவிட்டது.

தவறாத கேள்விகளைத் தவறு என்று எழுதி, அதை வைத்து ‘குற்றவியல் நடைமுறை வீக்’ என்று ஒரு முழு நாள் திரும்பப் படித்தது இன்னும் எரிச்சலாக இருக்கிறது. மையத்தில் கேட்டதற்கு ‘கீ சரிதான்’ என்றார்கள்; பேர் ஆக்டைத் திறந்து பார்க்கக்கூட இல்லை. அதன் பிறகு ஒரு கட்டம் சேர்ந்தது: பேர் ஆக்டில் பார்த்த பிரிவு எண். அது நிரம்பாத வரை எந்தத் தவறும் கணக்கில் சேராது. அதே சமயம், கேள்வியில் குற்றம் நடந்த தேதி 2024 ஜூலை 1-க்கு முந்தையதா என்றும் பாருங்கள். முந்தையதானால் குற்றத்துக்கு ஐபிசிதான், பழைய விடையே சரி.

எதை முதலில் படிப்பது என்பதற்குத் தவறுகளின் எண்ணிக்கையை மட்டும் பார்த்தால் ஏமாறுவோம். உதாரணத்துக்கு, சுற்றுச்சூழல் சட்டத்தில் 8-க்கு 6 தப்பு, சிபிசியில் 40-க்கு 12 தப்பு என்று வைப்போம். தவறு விகிதம் 75, 30 சதவீதம். சுற்றுச்சூழல் பயங்கரமாகத் தெரியும். ஆனால் 100 கேள்விகளில் அதற்கு 2, சிபிசிக்கு 10. தேர்வில் போகக்கூடியது முறையே ஒன்றரை மார்க், மூன்று மார்க். சிபிசிதான் முதலில்.

ஒரு வரியை அடிப்பதற்கு முன், விடையை மூடிவிட்டு, சில நாள் இடைவெளியில் இரண்டு முறை சரியாகச் சொல்ல வேண்டும். படித்த அன்றே சரியாகச் சொல்வது கணக்கில்லை. ‘தே’ வரிகளுக்கு மட்டும் இது பொருந்தாது. ஹாலுக்குள் குறிப்பு எழுதாத பேர் ஆக்ட்தான் போகும். உங்கள் நோட்டு போகாது. அதனால் அந்த வரிகளைக் கடிகாரம் வைத்துத் தேடிப் பழகுங்கள். சிபிசியில் பிரிவுகள் முடிந்த பிறகுதான் முதல் அட்டவணையில் ஆர்டர்கள் வருகின்றன. ஆர்டர் 22 இறப்பு, ஆர்டர் 23 வாபஸ் என்று தலைப்புகள் மனத்தில் இருந்தால், பொருளடக்கத்துக்குப் போகாமலே அந்தப் பக்கத்தைப் பிடித்துவிடலாம்.