அத்தியாயம் இல்லாத நாவலும் ஓர் இருப்புக் கணக்கும்

வடசென்னையில் ஒரு பள்ளியில் பதினோராம் வகுப்புக்கு ஆங்கிலம் எடுக்கிறேன். அரையாண்டுத் தேர்வு முடிந்து ஜனவரியில் திறந்ததும் ஒரு முழு நாவலை நான்கு வாரத்தில் படித்து முடிக்க வேண்டும் என்பது எங்கள் துறையின் ஏற்பாடு. வாரம் நான்கு பீரியட், ஒவ்வொன்றும் நாற்பது நிமிடம். ஹெமிங்வேயின் 'கிழவனும் கடலும்' நாவலைத் தேர்ந்தெடுத்தேன். சின்னப் புத்தகம், எளிய ஆங்கிலம், பிள்ளைகள் பயப்பட மாட்டார்கள் என்று நினைத்தேன். அதில் அத்தியாயமே கிடையாது என்பதைப் பாடத்திட்டம் எழுத உட்கார்ந்தபோதுதான் யோசித்தேன். முதல் வரியில் தொடங்கினால் கடைசி வரி வரைக்கும் ஒரே ஓட்டம்.

முதல் வருடம் பக்கக் கணக்கில் பிரித்தேன். மொத்தப் பக்கத்தை நான்கால் வகுத்து வாரத்துக்கு ஒரு பங்கு. அது இரண்டு விதத்தில் சறுக்கியது. ஒன்று, வகுப்பில் மூன்று விதமான பதிப்புகள் இருந்தன. சிலர் புதிதாக வாங்கியிருந்தார்கள், சிலர் அண்ணன், அக்கா வைத்திருந்ததைக் கொண்டுவந்தார்கள். நான் நாற்பதாம் பக்கம் என்றால் ஒருவனுக்கு முப்பத்தெட்டு, இன்னொருத்திக்கு ஐம்பது. அதையாவது சமாளித்துவிடலாம். இன்னொன்றுதான் பெரிய தவறு. பொங்கல் விடுமுறைக்கு முந்தைய பீரியட், கிழவர் சாண்டியாகோ மீனைக் கொன்று படகோடு சேர்த்துக் கட்டும் இடத்தில் முடிந்தது. பிள்ளைகள் கதை முடிந்துவிட்டது என்ற எண்ணத்தோடு வீட்டுக்குப் போனார்கள். திரும்பி வந்தபோது சுறாக்கள் வரும் பகுதியை ஏதோ பின்னிணைப்பு மாதிரிப் படித்தார்கள். 'மீன் கிடைத்துவிட்டதே மிஸ், இன்னும் ஏன் இத்தனை பக்கம்?' என்று ஒரு பெண் கேட்டாள். அவள் கேட்டதில் தவறில்லை. நான் வெட்டிய இடம்தான் அவளுக்கு அப்படிக் காட்டியது.

அடுத்த வருடம் பக்கத்தை விட்டுவிட்டுப் பொழுதை எடுத்துக்கொண்டேன். நாவலைப் பென்சிலோடு மறுபடி படித்து, சூரியன் எழும் இடத்தையும் விழும் இடத்தையும் குறித்தேன். கரையில் ஒரு மாலை. விடிவதற்கு முன் கிளம்பி, நண்பகலில் தூண்டிலில் மீன் மாட்டும் முதல் நாள். முதல் இரவு. மீன் முதன்முறை மேலே துள்ளித் தன் அளவைக் காட்டும் இரண்டாம் நாள். இரண்டாம் இரவு. மீன் வட்டமிடத் தொடங்கும் மூன்றாம் விடியல், அதே நாளில் அதன் சாவு, ஒரு மணி நேரத்தில் முதல் சுறா. பிறகு இருட்டில் கடைசிச் சண்டை, கரை. இப்படிப் பிரித்ததும் பகுதிகள் சமமாக இல்லை. ஒன்று இரண்டு பீரியட் வாங்கியது, ஒன்று நான்கு. பரவாயில்லை. பக்க எண்ணுக்குப் பதிலாக ஒவ்வொரு பகுதியும் எந்த வாக்கியத்தில் தொடங்குகிறது என்று பலகையில் எழுதிப் போட்டேன். பதிப்புச் சிக்கலும் அதோடு தீர்ந்தது.

பொங்கலுக்கு முந்தைய நிறுத்தத்தை இரண்டாம் இரவுக்கு மாற்றினேன். கிழவர் கயிற்றைப் பிடித்தபடியே கொஞ்சம் தூங்குகிறார். இளவயதில் ஆப்பிரிக்கக் கரையில் பார்த்த சிங்கங்கள் கனவில் கடற்கரைக்கு வருகின்றன. சட்டென்று கயிறு கையை வெட்டி இழுக்க விழித்துக்கொள்கிறார். அங்கே புத்தகத்தை மூடச் சொன்னேன். விடுமுறையில் படிக்கச் சொல்லி எதுவும் கொடுக்கவில்லை. ஆனால் திரும்பி வந்தபோது வகுப்பில் பாதிக்கு மேல் மேலே படித்திருந்தார்கள்.

பொழுது வாரியாகப் பிரித்தது ஒரு பாதி என்றால், நோட்டுப் புத்தகம் மறு பாதி. ஒவ்வொருவரும் இரண்டு கட்டம் போட்டு வைக்க வேண்டும்: இந்த இடத்தில் படகில் என்ன இருக்கிறது, என்ன இல்லை. இருப்பு, இல்லாதவை. அவ்வளவுதான். குறியீடு, கருப்பொருள் போன்ற சொற்களை முதல் மூன்று வாரம் வகுப்பில் நான் எடுக்கவே இல்லை. கைடு படித்துவிட்டு வருகிறவர்கள் மீன் என்றால் இது, சிங்கம் என்றால் அது என்று சூத்திரம் போலச் சொல்லிவிடுவார்கள். எந்தக் கை முதலில் வெட்டுப்பட்டது, எந்தக் கை மரத்துச் சுருண்டது என்று கேட்டால் அவர்களிடம் பதில் இருக்காது. (வெட்டுப்பட்டது வலது, சுருண்டது இடது. வாசித்தார்களா, சுருக்கத்தைப் பார்த்தார்களா என்று அறிய எனக்கு இந்த ஒரு கேள்வி போதும்.)

முதல் பகுதியிலேயே நோட்டுக்கு வேலை வந்துவிட்டது. கிழவருக்கு எண்பத்து நான்கு நாளாக மீன் இல்லை. பையன் மனோலின் குடிசைக்கு வந்து சாப்பிட என்ன இருக்கிறது என்கிறான். மீனோடு ஒரு பானை மஞ்சள் சோறு இருக்கிறது என்கிறார் கிழவர். வீச்சுவலையை எடுத்துப் போகட்டுமா என்கிறான், தாராளமாக என்கிறார். பிள்ளைகள் எல்லோரும் இருப்புக் கட்டத்தில் சோறு, வீச்சுவலை என்று எழுதிக்கொண்டார்கள். அடுத்த வரிகளைச் சத்தமாகப் படித்தேன். வலை கிடையாது, அதை விற்றது பையனுக்கு நினைவிருக்கிறது. ஆனாலும் தினமும் இந்தப் பேச்சு நடக்கும். சோற்றுப் பானையும் கிடையாது, பையனுக்கு அதுவும் தெரியும். வகுப்பு அமைதியாக இருந்தது. பிறகு முன்வரிசையில் ஒரு பையன் ஸ்கேலை வைத்து இரண்டு சொல்லையும் நேராக அடித்து, அடுத்த கட்டத்தில் எழுதினான். அவனைப் பார்த்து மற்றவர்களும் அடித்தார்கள். வறுமையையோ மரியாதையையோ பற்றி நான் ஒரு வார்த்தை பேசவில்லை. பேசியிருந்தால் கெட்டிருக்கும்.

கடலுக்குப் போனதும் ஒரு தொழில்நுட்ப விஷயம் புரியாமல் எல்லோரும் நின்றார்கள். கயிற்றைப் படகில் கட்டிவிட்டு உட்கார்ந்திருக்கலாமே, எதற்காக முதுகில் சுமக்கிறார்? இது புரியாவிட்டால் நாவலின் நடுப்பகுதி முழுவதும் வீண் பிடிவாதமாகத் தெரியும். காசிமேட்டிலிருந்து வரும் மாணவன் ஒருவன், அதிகம் பேசாதவன், 'கட்டினா அறுத்துட்டுப் போயிடும் மிஸ்' என்றான். 'பெரிய மீன் இழுக்கறப்ப விட்டுக் கொடுக்கணும். ஆள் புடிச்சிருந்தாதான் விட முடியும்.' புத்தகத்திலும் காரணம் அதுவேதான். அன்று பழைய நைலான் கயிறு ஒன்றை இரண்டு பேர் பிடித்து இழுக்க, மூன்றாவது ஆள் முதுகில் போட்டுக்கொண்டு நின்று பார்த்தார்கள். ஐந்து நிமிடம்கூடத் தாங்கவில்லை.

இன்னொரு குழப்பத்தையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதில் முதல் வருடம் நானே கவனக்குறைவாக இருந்தேன். கிழவர் டால்பின் பிடித்துச் சாப்பிடுகிறார் என்று வரும். பிள்ளைகள் சர்க்கஸில் துள்ளும் டால்பினை நினைத்து முகம் சுளிப்பார்கள். அது டொராடோ என்னும் பொன்னிற மீன். ஆங்கிலத்தில் அதற்கும் அதே பெயர் உண்டு. அதன் வயிற்றில் இரண்டு பறக்கும் கோலாக்கள் கிடைக்கின்றன. அந்த இடத்துக்கு வருவதற்கு முன்பே இதைச் சொல்லிவிடுவது நல்லது. அதேபோல, கைபலப் போட்டி நினைவு வரும் இடத்தில் கறுப்பினத்தவரைக் குறிக்க அக்காலச் சொல் ஒன்று வருகிறது. இன்று அந்தச் சொல்லை ஏன் பயன்படுத்துவதில்லை என்று முதலிலேயே பேசிவிட்டு வாசிக்கிறேன்.

நான்காவது வாரம் நோட்டு நிஜமாகவே கணக்கு நோட்டாக மாறியது. மீனைக் கட்டிவிட்டுக் கிழவர் மனதில் கணக்குப் போடுகிறார்: ஆயிரத்து ஐந்நூறு பவுண்டுக்கு மேல் இருக்கும், கழிவு போக மூன்றில் இரண்டு பங்கு தேறினால், பவுண்டு முப்பது சென்ட் என்றால் எவ்வளவு? பென்சில் வேண்டும் என்று விட்டுவிடுகிறார். நாங்கள் பலகையில் போட்டோம். ஆயிரம் பவுண்டு, 300 டாலர். முதலில் வரும் மாக்கோ சுறா சுமார் நாற்பது பவுண்டைக் கடித்துப் போகிறது; 12 டாலர் போயிற்று, மிச்சம் 288. கூடவே ஈட்டியும் கயிறும் போயின. அடுத்து வரும் இரண்டு சுறாக்கள் மீனில் கால் பங்கைத் தின்றிருக்கும் என்று கிழவர் நினைக்கிறார். முழு மீனில் காலா, மிச்சத்தில் காலா என்று வகுப்பு இரண்டாகப் பிரிந்து வாதாடியது. முழு மீனில் என்றால் 75 டாலர். அதற்குப் பிறகு தனியாக ஒரு சுறா, கத்தி முறிகிறது. இருப்புக் கட்டத்தில் ஒரு கொக்கித்தடி, இரண்டு துடுப்பு, சுக்கான் கட்டை, ஒரு குண்டாந்தடி மட்டும்.

பாதி மீன்தான் மிச்சம் என்ற இடத்துக்கு வந்தபோது, கணக்கை வேகமாகப் போட்டுவந்த மாணவன் நிறுத்திவிட்டான். 'மிஸ், அவரு விலையே பேசலை இப்ப' என்றான். திருப்பிப் பார்த்தோம். உண்மைதான். அங்கே கிழவர் மீனிடம் பேசுகிறார், ரொம்ப தூரம் போய்விட்டதற்கு வருந்துகிறார், பணத்தைப் பற்றிப் பேச்சில்லை. எந்த வரியிலிருந்து விலை காணாமல் போகிறது என்று தேடுவதற்கே அந்த பீரியட் போனது. அதிலிருந்துதான் தேர்வுக்கான பத்தியும் வந்தது: ஒரு பொருளை எடுத்துக்கொள், அது எப்போது போனது, போனதும் கிழவர் என்ன செய்தார், மேற்கோள் ஒன்று. முந்தைய வருட விடைத்தாள்களில் 'விடாமுயற்சி' என்ற சொல் ஏறக்குறைய எல்லாவற்றிலும் இருந்தது. இந்த முறை கத்தி இருந்தது, உப்பு இருந்தது, தண்ணீர் பாட்டில் இருந்தது.

இல்லாதவை கட்டத்தைக் கடைசி நாள்தான் கவனித்தோம். உப்பு, எலுமிச்சை, ரேடியோ, கத்தி தீட்ட ஒரு கல். எல்லோர் நோட்டிலும் ஏறக்குறைய அதே பட்டியல். ஒரு மாணவி மட்டும், பையன் கூட இருந்தால் நன்றாயிருக்கும் என்று கிழவர் நினைக்கும்போதெல்லாம் 'பையன்' என்று தனி வரியில் எழுதிக்கொண்டே வந்திருந்தாள். பக்கத்துக்குப் பக்கம் அந்தச் சொல் இருந்தது. ஒரு தடவை எழுதினால் போதாதா என்று பக்கத்திலிருந்தவள் கேட்டதற்கு, 'அவர் ஒவ்வொரு தடவையும் சொல்றாரே' என்றாள்.

இந்த முறைக்கும் எல்லை உண்டு. கனவுகளும் பேஸ்பால் வீரர் டிமாஜியோவும் இந்தக் கட்டங்களில் அடங்க மாட்டார்கள். பொருளைத் தேடுவதிலேயே குறியாக இருந்து வாக்கியத்தின் ஓசையைத் தவறவிட்ட பிள்ளைகளும் இருந்தார்கள். அவர்களுக்காக வாரத்தில் ஒரு பீரியட் நோட்டை மூடிவிட்டு வாசித்தலை மட்டும் கேட்க வைத்தேன்.

மீனின் எலும்புக்கூட்டைக் கயிறு வைத்து அளந்த மீனவர் பதினெட்டு அடி என்கிறார். நாங்களும் தாழ்வாரத்தில் சணல் கயிறு கட்டி, படகின் பதினாறு அடியில் சாக்பீஸால் கோடு போட்டோம். மிச்ச இரண்டு அடி தலைமையாசிரியர் அறை வாசல் வரைக்கும் நீண்டது. வரும் ஜனவரியில் அந்தக் கயிற்றை முதல் வாரமே கட்டிவிடலாம் என்றிருக்கிறேன். கரையில் நடக்கும் மாலைக்கு இன்னொரு பீரியட்டும் சேர்க்க வேண்டும்; அந்தச் சோற்றுப் பானைக்கு நாற்பது நிமிடம் போதவில்லை.