907 ஹெர்ட்ஸ் எங்கிருந்து வந்தது?

ஆம்ப்ளிஃபயர் சோதிக்க 1000 ஹெர்ட்ஸ் சதுர அலை வேண்டியிருந்தது. கையிலிருந்த 8051 போர்டில் டைமரைத் தொடாமல் டிலே லூப்பாலேயே எடுக்க நினைத்தேன்.

```
MAIN: CPL  P1.0
      ACALL DLY
      SJMP MAIN
DLY:  MOV  R7,#250
L1:   DJNZ R7,L1
      RET
```

DJNZ ஒருமுறை ஓட 2 மெஷின் சைக்கிள். 250 முறைக்கு 500 சைக்கிள். ஒரு சைக்கிள் 1 மைக்ரோசெகண்ட் என்றால் அரை அலைக்கு 500 மைக்ரோசெகண்ட், கணக்கு சரி. ஆனால் மீட்டர் 907 காட்டியது.

முதலில் கிரிஸ்டலைப் பார்த்தேன். 12 மெகாஹெர்ட்ஸ் என்று நான் நம்பியிருந்ததன் தலையில் 11.0592 என்று இருந்தது. 9600 பாட் வேகம் பிசிறில்லாமல் கிடைப்பதால் சீரியல் வேலைக்கு இதைத்தான் போடுவார்கள். பழைய 8051-இல் 12 கிளாக் சேர்ந்தால்தான் ஒரு மெஷின் சைக்கிள். ஆகவே நொடிக்கு 921600 சைக்கிள். அப்படிப் பார்த்தாலும் 921.6 ஹெர்ட்ஸ் வர வேண்டும், 907 அல்ல.

பிறகு தலைகீழாகப் போட்டேன். 921600-ஐ 907-ஆல் வகுத்தால் 1016, அதில் பாதி 508. எங்கேயோ 8 சைக்கிள் கூடுதலாக ஓடியிருக்கிறது. கோடை வரிவரியாக எண்ணினேன். CPL 1, ACALL 2, MOV 1, RET 2, SJMP 2. எட்டேதான்! லூப்பை மட்டும் எண்ணிவிட்டு, அதற்குள் போகவும் வரவும் ஆகும் நேரத்தை விட்டிருந்தேன்.

R7-இல் போடும் எண் N என்றால், இனி அரை அலை என்பது 2N+8 சைக்கிள். 12 மெகாஹெர்ட்ஸ் கிரிஸ்டலாக இருந்தால் N=246 போட்டு துல்லியமாக 500 எடுத்துவிடலாம். ஆனால் டோனைத் தொடங்கும் கட்டளை சீரியலில்தான் வருகிறது. கிரிஸ்டலை மாற்ற மனமில்லை. இதில் அரை அலைக்கு 460.8 சைக்கிள் வேண்டும், பின்னத்தில் சைக்கிள் கிடையாது. 461 தான் நெருக்கம். 2N+8 எப்போதும் இரட்டைப்படை என்பதால் N=226 வைத்து 460 ஆக்கி, RET-க்கு முன்னால் ஒரு NOP சேர்த்தேன். முழு அலை 922 சைக்கிள், அதாவது 999.57 ஹெர்ட்ஸ். மீட்டர் 999.6 காட்டியபோது நிம்மதியாக இருந்தது.

ஆனால் ஆசிலோஸ்கோப்பில் அலையின் விளிம்பு அவ்வப்போது துள்ளியது. கம்ப்யூட்டரிலிருந்து எழுத்து வரும்போதெல்லாம் சீரியல் இன்டரப்ட் ரொட்டீன் ஓடி, அதன் சைக்கிள்கள் அந்த அரை அலையில் ஏறிவிடுகின்றன. மீட்டர் சராசரி எடுப்பதால் அதில் இது தெரிவதில்லை. லூப்புக்கு முன் `CLR EA` போட்டதும் விளிம்பு அசையாமல் நின்றது. இப்போது டோன் ஓடும்போது போர்டு சீரியலைக் கவனிக்காது. நிறுத்த ரீசெட் பட்டனைத்தான் அமுக்குகிறேன்.