ஃபீடில் இருப்பது எதன் தேதி?

அலுவலகக் கணினி ஒன்று 203.0.113.45 என்ற ஐபி முகவரியைத் தொடர்பு கொண்டதாக எஸ்ஓசி எனும் பாதுகாப்புக் கண்காணிப்பு மையத்துக்கு ஓர் அலர்ட் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். ஆபத்தான முகவரிகளைப் பட்டியலிட்டுத் தரும் மூன்று ஃபீடுகள் அந்த முகவரியை மால்வேரின் கட்டளை சர்வர் என்கின்றன. மூன்றிலும் `modified` இன்றைய தேதி. கணினியை உடனே துண்டிக்கத்தான் கை போகும்.

முதலில் மூன்று பதிவுகளின் விளக்கத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிக்க வேண்டும். அதே வாக்கியம், அதே எழுத்துப் பிழை, அதே அறிக்கையின் இணைப்பு என்றால், சாட்சி ஒருவர்தான். மற்ற இருவர் நகல் எடுத்தவர்கள். அந்த அறிக்கை வெளியாகி பதினொரு மாதம் ஆகியிருந்தால், இன்றைய தேதி ஃபீட் மறுபடி ஏற்றப்பட்ட தேதி மட்டுமே. தாக்குதலில் கடைசியாகக் கண்ட நாளை `last_seen` சொல்ல வேண்டும். பல ஃபீடுகளில் அது காலியாகவே கிடக்கும்.

அடுத்து பாஸிவ் டிஎன்எஸ், அதாவது எந்த டொமைன் எப்போது எந்த ஐபியில் இருந்தது என்ற பழைய பதிவு. மால்வேரின் டொமைன் சில வாரங்களிலேயே அந்த முகவரியை விட்டுப் போயிருக்கிறது. இப்போது அங்கே இருப்பது வேறு யாருடைய தளமோ. கிளவுட் முகவரிகள் இப்படித்தான் கை மாறும். அறிக்கை சொன்ன போர்ட் 8443, நம் லாகில் இருப்பது 443. இவ்வளவும் சேர்ந்தால் இது பெரும்பாலும் பொய் அலர்ட்தான். ஆனாலும் இண்டிகேட்டரை, அதாவது அந்த ஐபி பதிவை, தூக்கி எறிய வேண்டாம்: டொமைன் அங்கே இருந்த வாரங்களின் பழைய லாகில் அதைத் தேடிப் பார்ப்பதுதான் அதன் உண்மையான பயன்.

இதனால் இண்டிகேட்டர்களின் காலாவதியை வகைக்கு வகை வேறாக வைப்பது நல்லது. ஐபிக்கு இரண்டு முதல் நான்கு வாரம், டொமைனுக்குச் சில மாதம் என்று தொடங்கலாம். கோப்பின் ஹேஷ் பழசானாலும் பொய்யாகாது. மால்வேரை மறுபடி கம்பைல் செய்தால் பொருந்தாமல் போகும், அவ்வளவே.

புது ஃபீடை நேராக பிளாக் பட்டியலில் சேர்ப்பது வம்பை விலைக்கு வாங்குவது. ஒரு மாதம் அலர்ட் மட்டும் தரவிட்டு, தினமும் ஒரு நகலை வரிசைப்படுத்திச் சேமித்துவைத்தால் போதும்:

```
comm -23 yesterday.txt today.txt | wc -l
```

நேற்று இருந்து இன்று நீக்கப்பட்டவை எத்தனை என்று இது காட்டும். நாள்தோறும் பூஜ்யமே வந்தால், அங்கே யாரும் பழையதைக் களைவதில்லை. பட்டியலின் நீளத்தைப் பெருமையாகச் சொல்லும் ஃபீடுகளில் இந்த எண்ணைத்தான் முதலில் பார்ப்பேன்.

சரிபார்த்த முடிவு பகிர்ந்தவருக்கும் போய்ச் சேர வேண்டும். இண்டிகேட்டர்களைப் பகிரும் தளமான எம்ஐஎஸ்பி-யில் அந்த ஐபிக்கு `false-positive` வகை சைட்டிங் பதிவுசெய்து, நம் பிரதியில் அதைக் கண்டறிதலுக்குப் பயன்படுத்தச் சொல்லும் `to_ids` குறியை எடுத்துவிட வேண்டும். சைட்டிங்கில் உள் கணினியின் பெயரையோ பயனரின் பெயரையோ ஒட்டிவிடாமல் பார்த்துக்கொள்வது முக்கியம். அவசரத்தில் லாக் வரியை அப்படியே ஒட்டும்போதுதான் அது நடக்கிறது.